பவுண்டின் கோணல் புன்னகை: ரிஸ்க் ரிவர்சலைப் படிப்பது எப்படி

2016 ஜூன் 23 வியாழக்கிழமை இரவு 10 மணிக்கு பிரிட்டனில் வாக்குப்பதிவு முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்பதுதான் கேள்வி. நீடிப்போர் பக்கம்தான் வெல்லும் என்ற நம்பிக்கையில் ஒரு பவுண்டின் விலை 1.50 டாலரைத் தாண்டியது. மறுநாள் காலைக்குள் அது 1.32 டாலரை ஒட்டி வந்துவிட்டது. 1985க்குப் பிறகு பவுண்டு அவ்வளவு கீழே போனதில்லை. ஸ்பாட் விலையை, அதாவது அந்த நேரத்துச் சந்தை விலையை, மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வியாழன் இரவு அமைதியாகத் தெரிந்திருக்கும். ஆப்ஷன் சந்தையோ பல மாதங்களாக ஒரே ஒரு திசையைக் காட்டிப் பயந்துகொண்டிருந்தது. அந்தப் பயம் ரிஸ்க் ரிவர்சல் என்ற எண்ணில் பதிவாகியிருந்தது.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது, அதில் எது பயம், எது பயமே இல்லாத வெறும் நாட்காட்டிக் கணக்கு என்பதைப் பவுண்டை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம். கால், புட், ஸ்ட்ரைக், எக்ஸ்பைரி என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

புன்னகை எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு ஆப்ஷனின் விலைக்குள்ளும் ஒரு வாலட்டிலிட்டி, அதாவது நாணயத்தின் விலை எவ்வளவு அசையும் என்ற மதிப்பீடு, ஒளிந்திருக்கிறது. பிரீமியத்தைச் சூத்திரத்தில் போட்டுத் திருப்பிக் கணக்கிட்டால் அது வெளியே வரும். இதைத்தான் இம்ப்ளைடு வாலட்டிலிட்டி என்கிறார்கள். பாடப்புத்தகச் சூத்திரத்தின்படி ஒரே எக்ஸ்பைரி உள்ள எல்லா ஸ்ட்ரைக்குகளுக்கும் இது ஒன்றாகவே இருக்க வேண்டும். உண்மைச் சந்தையில் அப்படி இருப்பதில்லை. இப்போதைய விலையிலிருந்து தள்ளியிருக்கும் ஸ்ட்ரைக்குகளுக்கு வாலட்டிலிட்டி கூடுதலாக இருக்கும். ஸ்ட்ரைக்கைக் கிடையாகவும் வாலட்டிலிட்டியைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்தால், நடுவில் தாழ்ந்து இரு ஓரமும் உயர்ந்த வளைவு கிடைக்கும். அதனால்தான் அதைப் புன்னகை என்கிறார்கள்.

இரண்டு ஓரமும் சமமாக உயர்ந்திருந்தால், பெரிய அசைவு வரலாம் என்று சந்தை நினைக்கிறது, எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியவில்லை என்று பொருள். ஒரு ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு புன்னகை கோணினால் பயத்துக்குத் திசை இருக்கிறது. 2016இல் பவுண்டின் புன்னகை இடப்பக்கம், அதாவது விலை குறையும் பக்கம், கடுமையாகக் கோணியது.

அதற்கு உறுதியான காரணம் இருந்தது. பிரிட்டன் அப்போது வெளிநாட்டுப் பண வரவை மிகவும் நம்பியிருந்தது. 2015 கடைசிக் காலாண்டில் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 7 சதவீதம் என்று அன்றைக்கு வெளியான கணக்கு சொன்னது. பிரிட்டன் பங்குகளும் கடன் பத்திரங்களும் வைத்திருந்த வெளிநாட்டு நிதி நிறுவனங்களுக்கு, பவுண்டு விழுந்தால் நஷ்டம். சொத்தை விற்க மனமில்லாதவர்கள் பவுண்டு புட் வாங்கிக் காப்பீடு செய்துகொண்டார்கள். விற்பவரின் நிலைமை வேறு. ஒரே இரவில் விலை பள்ளத்தில் குதித்தால், வழியில் நிறுத்தி நிறுத்தி எதிர்ப்பக்கம் வாங்கி விற்று நஷ்டத்தை ஈடுகட்ட, அதாவது ஹெட்ஜ் செய்ய, அவருக்கு வாய்ப்பே கிடைக்காது. ஆகவே அவர் கூடுதல் விலை கேட்டார். வாங்குபவர் கூட்டமும் விற்பவரின் தயக்கமும் சேர்ந்துதான் ஓரத்தைத் தூக்கின.

முதல் படி: திரையிலுள்ள மூன்று எண்களைப் பிரித்தறிதல்

வங்கிகளுக்கிடையேயான அந்நியச் செலாவணி ஆப்ஷன் சந்தையில் ஸ்ட்ரைக் சொல்லி விலை கேட்பதில்லை, டெல்டா சொல்லித்தான் கேட்பார்கள். 25 டெல்டா புட் என்றால், ஸ்பாட் ஒரு சிறு அளவு நகர்ந்தால் அதில் கால் பங்கு நகரும் புட். எக்ஸ்பைரியில் அது லாபத்தில் முடிய ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். துல்லியமான வரையறை அல்ல, ஆனால் பிடித்துக்கொள்ள உதவும்.

ஒவ்வொரு எக்ஸ்பைரிக்கும் திரையில் மூன்று எண்கள் வரும். முதலாவது அட்-த-மணி வாலட்டிலிட்டி. அது புன்னகையின் நடுப்புள்ளி, அசைவு எவ்வளவு பெரிது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது பட்டர்ஃபிளை. இரு ஓரங்களும் சராசரியாக நடுப்புள்ளியைவிட எவ்வளவு உயர்ந்திருக்கின்றன என்பது அதில் தெரியும். மூன்றாவதுதான் ரிஸ்க் ரிவர்சல். 25 டெல்டா காலின் வாலட்டிலிட்டியிலிருந்து 25 டெல்டா புட்டின் வாலட்டிலிட்டியைக் கழித்தால் வருவது. புன்னகையின் கோணல் இதில்தான் இருக்கிறது.

இந்த மூன்றிலிருந்து இரு ஓரங்களையும் திரும்பப் பெறலாம்:

```
C25 = ATM + BF + RR/2
P25 = ATM + BF - RR/2
```

ஒரு எச்சரிக்கை. சந்தையில் சொல்லப்படும் பட்டர்ஃபிளையும் இந்தச் சூத்திரம் கேட்கும் பட்டர்ஃபிளையும் சற்று வேறானவை. கோணல் சிறிதாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. 2016 ஜூன் போலக் கோணல் பெரிதாகும்போது தெரியும். பயத்தைப் படிக்க இந்தச் சூத்திரம் போதும், ஆப்ஷனை விற்க விலை போடப் போதாது.

இரண்டாம் படி: குறியைச் சரிபார்த்தல்

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். எண்ணைப் பார்க்கும் முன், "கால்" என்பது எந்த நாணயத்தின் கால் என்று கேளுங்கள். வழக்கப்படி ஜோடியில் முதலில் எழுதப்படும் நாணயத்தின் கால் அது. `GBPUSD` என்றால் பவுண்டு கால். அதன் ரிஸ்க் ரிவர்சல் மைனஸ் என்றால் பவுண்டு புட்டுக்கு விலை கூடுதல், அதாவது பவுண்டு விழும் என்ற பயம். `USDJPY` என்றால் டாலர் கால். அங்கே மைனஸ் என்றால் டாலர் விழுந்து யென் ஏறும் என்ற பயம். `USDINR` இல் பயம் பிளஸ் பக்கம் தெரியும், ஏனென்றால் டாலர் ஏறுவதுதான் ரூபாய் விழுவது.

சில தரவுச் சேவைகள் குறியை மாற்றிக் காட்டும். சில குறியே போடாமல், எந்தப் பக்கத்துக்கு விலை கூடுதல் என்று எழுத்தில் சொல்லும். சந்தேகம் வந்தால் பழைய தேதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். 2016 ஜூன் நடுவில் பவுண்டின் 1 மாத எண் ஆழமான மைனஸில் இருக்க வேண்டும். பிளஸில் இருந்தால் அந்தச் சேவை குறியைத் திருப்பியிருக்கிறது.

மூன்றாம் படி: எண்ணைப் பணமாக மாற்றுதல்

"மைனஸ் 6" என்று சொன்னால் யாருக்கும் வலிக்காது. அதை டாலராக மாற்றிப் பாருங்கள். கீழே வருபவை கணக்குக்காக எடுத்த எண்கள், எந்த ஒரு நாளின் திரை விலையும் அல்ல. ஆனால் அந்த ஜூன் மாதத்தின் சாயல் கொண்டவை.

1 மாத ஃபார்வர்டு விலை, அதாவது ஒரு மாதம் கழித்துக் கைமாற இன்றே பேசிக்கொள்ளும் விலை, 1.4200. அட்-த-மணி 24, பட்டர்ஃபிளை 1, ரிஸ்க் ரிவர்சல் மைனஸ் 6. சூத்திரத்தில் போட்டால் கால் ஓரம் 24 + 1 − 3 = 22, புட் ஓரம் 24 + 1 + 3 = 28. அடுத்து ஸ்ட்ரைக்குகள். வட்டியை ஒதுக்கிவிட்டால் இந்த இரண்டு வரிகள் போதும்:

```
Kp = F*EXP(-0.6745*s*SQRT(T) + 0.5*s^2*T)
Kc = F*EXP( 0.6745*s*SQRT(T) + 0.5*s^2*T)
```

`s` இடத்தில் அந்தந்த ஓரத்தின் வாலட்டிலிட்டியை 0.28, 0.22 என்று போடுங்கள். `F` என்பது ஃபார்வர்டு விலை. `T` என்பது ஆண்டுக் கணக்கில் காலம், இங்கே 1/12. 0.6745 என்பது 25 டெல்டாவுக்குரிய மாறா எண். புட் ஸ்ட்ரைக் 1.3491 என்றும், கால் ஸ்ட்ரைக் 1.4851 என்றும் வரும்.

இந்த இரண்டு ஆப்ஷன்களின் பிரீமியத்தையும் கணக்கிட்டால் புட் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 0.0178 டாலர், கால் 0.0130 டாலர். 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கினால் புட் சுமார் 17,800 டாலர், கால் சுமார் 13,000 டாலர். ஒரே டெல்டா, ஒரே எக்ஸ்பைரி. வீழ்ச்சிக்கு எதிரான காப்பீட்டுக்கு ஏற்றத்துக்கான சீட்டைவிட 4,800 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஒருவர் புட்டை வாங்கி, செலவைக் குறைக்கக் காலை விற்றாலும், இந்த 4,800 டாலர் கையை விட்டுப் போகும். இந்த வாங்கல் விற்றல் சேர்க்கைக்கே ரிஸ்க் ரிவர்சல் என்று பெயர். அந்தப் பெயர்தான் எண்ணுக்கும் வந்தது.

நான்காம் படி: நடுப்புள்ளியால் வகுத்தல்

வாலட்டிலிட்டி மொத்தமாக ஏறும்போது ரிஸ்க் ரிவர்சலும் கூடவே பெரிதாகும். புன்னகையின் வடிவம் மாறாமல் அளவு மட்டும் கூடினாலும் இது நடக்கும். அதனால் ரிஸ்க் ரிவர்சலை அட்-த-மணியால் வகுத்துவிடுங்கள். அமைதியான காலத்தில் மைனஸ் 1, அட்-த-மணி 8 என்றால் விகிதம் மைனஸ் 12.5 சதவீதம். மேலே உள்ள எடுத்துக்காட்டில் மைனஸ் 6ஐ 24ஆல் வகுத்தால் மைனஸ் 25 சதவீதம். ரிஸ்க் ரிவர்சல் ஆறு மடங்கு ஆனாலும் கோணல் இரண்டு மடங்குதான் ஆகியிருக்கிறது. மீதியெல்லாம் புன்னகை பெரிதானதால் வந்தது. செய்தித் தலைப்பு ஆறு மடங்கைத்தான் சொல்லும். நீங்கள் இரண்டு மடங்கைப் பாருங்கள், அதுவே பெரிய சேதிதான்.

அந்த விகிதத்தையும் தனியாகப் பார்க்கக் கூடாது, அதே நாணயத்தின் கடந்த ஓராண்டு விகிதங்களோடு ஒப்பிட வேண்டும். சில நாணயங்களின் புன்னகை பிறவியிலேயே கோணல். குறைந்த வட்டிக்கு யென்னில் கடன் வாங்கி வேறு நாட்டில் முதலீடு செய்பவர்கள் பதறினால் எல்லோரும் ஒரே நேரத்தில் யென் வாங்க ஓடுவார்கள். ஆகவே யென் ஏறும் பக்கத்துக்கு நீண்ட காலம் விலை கூடுதலாக இருந்திருக்கிறது. ரூபாய் போன்ற வளரும் நாடுகளின் நாணயங்களில் டாலர் கால் வழக்கமாகவே விலை கூடியது. அங்கே பிளஸ் குறியைப் பார்த்தவுடன் "ரூபாய்க்கு ஆபத்து" என்று எழுதினால், ஆண்டு முழுவதும் அதையே எழுத வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: நாட்காட்டியைக் கழித்தல்

இந்தப் படியைத் தவிர்த்தால் முந்தைய நான்கும் வீண். வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

2016 மே மாதக் கடைசியில் பவுண்டின் 1 மாத வாலட்டிலிட்டியும் ரிஸ்க் ரிவர்சலும் துள்ளின. பயம் திடீரென்று கூடியதுபோல் வரைபடம் காட்டும். முக்கியக் காரணம் அதுவல்ல. "1 மாதம்" என்பது தினமும் ஒரு நாள் முன்னே நகரும் சாளரம். மே மாதக் கடைசி வரை அந்தச் சாளரத்துக்குள் வாக்கெடுப்பு முடிவு வரவில்லை. பிறகு வந்துவிட்டது. 2 மாத எண்ணும் 3 மாத எண்ணும் ஏற்கெனவே அதைச் சுமந்துகொண்டிருந்தன. புதிய செய்தி எதுவும் இல்லாமலேயே 1 மாத எண் குதித்திருக்கும்.

எந்த நாளில் குதிக்கும் என்பதிலும் ஒரு நுணுக்கம். இந்த ஆப்ஷன்கள் பெரும்பாலும் நியூயார்க் காலை 10 மணிக்கு, அதாவது லண்டன் மாலை 3 மணிக்கு, முடிவடையும். ஜூன் 23 எக்ஸ்பைரி உள்ள ஆப்ஷன், வாக்குச்சாவடி மூடும் முன்பே செத்துவிடும். முடிவுக்கான காப்பீடு வேண்டுமென்றால் ஜூன் 24 அல்லது அதற்குப் பிந்தைய எக்ஸ்பைரி வேண்டும். இதைக் கவனிக்காமல் வாக்கெடுப்பு நாளுக்கே காப்பீடு வாங்கியவருக்குக் காகிதம்தான் மிச்சம். இன்றைக்கும் தேர்தலோ மத்திய வங்கிக் கூட்டமோ வரும்போது முதலில் பார்க்க வேண்டியது, முடிவு வெளியாகும் நேரம் எக்ஸ்பைரி நேரத்துக்கு முன்னா, பின்னா என்பதைத்தான்.

இப்போது அந்த ஒரே இரவின் கனத்தைத் தனியாகப் பிரித்துப் பார்ப்போம். வாலட்டிலிட்டியைக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. அதன் வர்க்கத்தைக் காலத்தால் பெருக்கினால் வருவதைக் கூட்டலாம், கழிக்கலாம். அதை வேரியன்ஸ் என்போம். 30 நாள் ஆப்ஷனின் வாலட்டிலிட்டி 24 சதவீதம் என்றால் மொத்த வேரியன்ஸ் 0.24 × 0.24 × 30/365 = 0.00473. சாதாரண நாட்களின் வாலட்டிலிட்டி 10 சதவீதம் என்று வைத்தால், 29 சாதாரண நாட்களுக்கு 0.01 × 29/365 = 0.00079. கழித்தால் மிச்சம் 0.00394. அதன் வர்க்கமூலம் 6.3 சதவீதம். அந்த ஒரு இரவுக்கு மட்டும் சந்தை போட்டிருக்கும் நியம விலக்கம் இது.

அதே 6.3 சதவீத இரவை வேறு எக்ஸ்பைரிகளில் வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால் 91 நாள் ஆப்ஷனில் வாலட்டிலிட்டி 16 சதவீதமாகத் தெரியும், 30 நாளில் 24, 7 நாளில் 46. பயம் ஒன்றே. அதைப் பிரித்துப் பரப்பும் நாட்கள்தான் குறைகின்றன. ரிஸ்க் ரிவர்சலும் இதே போல, நிகழ்வு நெருங்க நெருங்கத் தானாகவே ஊதும். ஒரு வார ரிஸ்க் ரிவர்சல் வரலாறு காணாத அளவுக்குப் போனது என்ற செய்தியைப் பார்த்தால், எவ்வளவு பங்கு பயம், எவ்வளவு பங்கு நாள் குறைந்ததால் வந்தது என்று கேளுங்கள்.

இதற்கு மருந்து எளிது. நகரும் 1 மாத எண்ணைத் தொடராமல், ஒரு குறிப்பிட்ட எக்ஸ்பைரி தேதியைப் பிடித்துக்கொண்டு அதையே தினமும் பாருங்கள். அந்த எக்ஸ்பைரியின் ரிஸ்க் ரிவர்சலை மூன்றாம் படியில் செய்ததுபோல் டாலராக மாற்றி, தேதிவாரியாக எழுதி வாருங்கள். டாலர் கணக்கில் கூடினால் பயம் உண்மையாகவே கூடியிருக்கிறது. வாலட்டிலிட்டிப் புள்ளியில் மட்டும் கூடி, டாலரில் அசையாமல் இருந்தால் அது நாட்காட்டி.

ஆறாம் படி: ஸ்பாட்டோடு சேர்த்துப் பார்த்தல்

ரிஸ்க் ரிவர்சல் முன்கூட்டியே சொல்லும் சோதிடம் என்று நினைத்து வருபவர்கள் உண்டு. பெரும்பாலான நாட்களில் அது ஸ்பாட்டின் நிழல்போல நடக்கிறது. பவுண்டு விழுந்தால் புட் வாங்க ஆள் வரும், கோணல் கூடும். பவுண்டு ஏறினால் கோணல் குறையும். இந்த நிழலில் சேதி எதுவும் இல்லை. நிழல் உடலோடு நகராத நாளில்தான் சேதி இருக்கிறது.

அதைப் பிரிக்க ஒரு விரிதாள் போதும். B பத்தியில் தினசரி ஸ்பாட் மாற்றத்தைச் சதவீதத்திலும், C பத்தியில் ரிஸ்க் ரிவர்சலின் தினசரி மாற்றத்தையும் 60 நாட்களுக்கு எழுதுங்கள். பிறகு:

```
=C61-(INTERCEPT(C2:C61,B2:B61)+SLOPE(C2:C61,B2:B61)*B61)
```

60 நாள் பழக்கத்தின்படி இன்றைய ஸ்பாட் அசைவுக்கு ரிஸ்க் ரிவர்சல் எவ்வளவு நகர்ந்திருக்க வேண்டுமோ, அதிலிருந்து உண்மையில் எவ்வளவு விலகியது என்பதை இந்த வரி தரும். ஒரு நாள் விலகலைப் பொருட்படுத்தாதீர்கள். நான்கைந்து நாட்கள் தொடர்ந்து ஒரே பக்கம் விலகினால் உட்கார்ந்து காரணம் தேடுங்கள். ஸ்பாட் ஏறிக்கொண்டிருக்கும்போது புட் ஓரம் இறங்க மறுப்பது எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது. ஏற்றத்தை வாங்குகிறவர்களே காப்பீட்டையும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று அது சொல்கிறது.

2016ஐ இந்த ஆறு படிகளோடு திரும்பப் படித்தல்

பிப்ரவரி 20 அன்று பிரதமர் டேவிட் கேமரன் வாக்கெடுப்புத் தேதியை அறிவித்தார். மறுநாள் லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் விலகும் அணியில் சேர்ந்தார். திங்கட்கிழமை பவுண்டு கடுமையாகச் சரிந்தது. அதுவரை "என்றாவது ஒருநாள்" என்றிருந்த பயத்துக்குத் தேதி கிடைத்துவிட்டது. எனவே ஜூன் 24ஐத் தாண்டிய எக்ஸ்பைரிகளின் புன்னகை கோணத் தொடங்கியது. அதற்கு முந்தைய எக்ஸ்பைரிகளில் அந்த அளவு கோணல் இல்லை. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாடு ஒரு நல்ல சோதனை. பயம் ஒரு நிகழ்வைப் பற்றியதா, நாணயத்தைப் பற்றிய பொதுவான கவலையா என்பதை அது பிரித்துக்காட்டும். எல்லா எக்ஸ்பைரியும் சமமாகக் கோணினால் பொதுவான கவலை.

ஜூன் நடுவில் விலகும் அணி முந்துகிறது என்று கருத்துக்கணிப்புகள் சொன்னபோது கோணல் உச்சத்துக்குப் போனது. ஜூன் 16 அன்று நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் கொல்லப்பட்டார். பிரசாரம் நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த கணிப்புகள் நீடிக்கும் பக்கம் சாய்ந்தன. ஜூன் 20 திங்களன்று பவுண்டு ஒரே நாளில் பல ஆண்டுகளில் காணாத ஏற்றம் கண்டது. ரிஸ்க் ரிவர்சலும் தளர்ந்தது. ஆனால் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. ஸ்பாட் அந்த ஆண்டின் உச்சத்தைத் தொட்ட வேளையிலும் புட் பக்கத்துக்கே விலை கூடியிருந்தது.

முடிவில் விலகும் அணி 51.9 சதவீதம் பெற்றது. வெள்ளிக்கிழமை முடிவு விலையை வியாழன் முடிவு விலையோடு ஒப்பிட்டால் பவுண்டு 8 சதவீதம் விழுந்திருந்தது. நம் எடுத்துக்காட்டின் 6.3 சதவீத நியம விலக்கத்தோடு வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய 1.3 மடங்கு. ஸ்பாட் வரைபடத்தில் அது பேரிடி. ஆப்ஷன் கணக்கில் அது எதிர்பார்த்த எல்லைக்குச் சற்று வெளியே விழுந்த ஒரு நாள்.

இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். "ரிஸ்க் ரிவர்சல் சரியாகக் கணித்தது" என்பார்கள். அது கணிக்கவில்லை. கடைசி நான்கு நாட்களில் பயம் தளர்ந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். முடிவு எது என்பதை ஸ்பாட் எப்படித் தவறாக நினைத்ததோ அதே திசையில்தான் ரிஸ்க் ரிவர்சலும் நகர்ந்தது. அது சொன்னது வேறு: முடிவு எதுவானாலும், நீடித்தால் வரும் ஏற்றத்தைவிட விலகினால் வரும் வீழ்ச்சி மிகப் பெரிதாக இருக்கும். நிகழ்வின் வாய்ப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. நடந்தால் எவ்வளவு தூரம் விழும் என்பது இன்னொரு கேள்வி. ரிஸ்க் ரிவர்சலில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. அத்துடன் காப்பீடு விற்பவரின் கூலியும் சேர்ந்திருக்கிறது. அதனால் அதிலிருந்து "விலக 40 சதவீத வாய்ப்பு" என்று நேரடியாக எண் எடுக்க முடியாது.

வாக்கெடுப்பு முடிந்த பிறகு என்ன நடந்தது என்பதும் பாடம்தான். இரவின் வேரியன்ஸ் கழிந்துவிட்டதால் குறுகிய கால வாலட்டிலிட்டியும் ரிஸ்க் ரிவர்சலும் இறங்கின. பவுண்டோ இறங்குவதை நிறுத்தவில்லை. ஜூலை 6 அன்று 1.28 டாலரைத் தொட்டது. கோணல் குறைந்ததை "பயம் போய்விட்டது, வாங்கலாம்" என்று படித்தவர்கள் நாட்காட்டியைக் கழிக்க மறந்தவர்கள்.

எங்கே இந்த முறை கைவிடும்

ஆப்ஷன் வாங்குவோர் விற்போர் குறைந்த சந்தையில் புன்னகையே நம்பத்தக்கதல்ல. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே 1 புள்ளி இடைவெளி இருந்தால், ரிஸ்க் ரிவர்சல் அரைப் புள்ளி அசைந்தது என்பதற்குப் பொருளே இல்லை. இந்தியாவில் உள்ளவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். தேசியப் பங்குச் சந்தையில் வணிகமாகும் டாலர்-ரூபாய் ஆப்ஷன்களை வைத்து இதே கணக்கைப் போடலாமே என்று தோன்றும். ஆனால் ரிசர்வ் வங்கியின் விதிப்படி உண்மையான அந்நியச் செலாவணிப் பொறுப்பு உள்ளவர்களே இதில் ஈடுபட வேண்டும் என்பது 2024 மே 3 முதல் நடைமுறைக்கு வந்தபின் அங்கே வணிகம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. தள்ளியிருக்கும் ஸ்ட்ரைக்குகளில் கடைசி விலை என்று திரை காட்டுவது மணிக்கணக்கில் பழையதாக இருக்கலாம். பழைய விலையும் புதிய ஸ்பாட்டும் கலந்தால் கற்பனைக் கோணல் பிறக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரே ஸ்ட்ரைக்கின் கால், புட் இரண்டிலிருந்தும் வாலட்டிலிட்டியை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஓரிரு புள்ளி விலகினால் அந்த நாளின் தரவைத் தூக்கி எறியுங்கள்.

பவுண்டு, யூரோ, யென் போன்றவற்றுக்கு வங்கித் திரை இல்லாதவர்கள் சிகாகோவின் சி.எம்.இ. சந்தையில் வணிகமாகும் ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்களைப் பயன்படுத்தலாம். அந்தச் சந்தையே `CVOL` என்ற பெயரில் வாலட்டிலிட்டிக் குறியீடுகளையும், அவற்றின் ஏற்றப் பக்கம், இறக்கப் பக்கம் தனித்தனியாகவும் வெளியிடுகிறது. அது 25 டெல்டா ரிஸ்க் ரிவர்சல் அல்ல, புன்னகை முழுவதையும் சேர்த்துக் கட்டிய எண். ஆகவே இரண்டையும் ஒரே வரைபடத்தில் அளவுக்கு அளவு ஒப்பிடாதீர்கள். திசை மாறுகிறதா என்று பார்க்க அது போதும்.

விலையை அரசோ மத்திய வங்கியோ கட்டிவைத்திருக்கும் நாணயங்களில் நான்காம் படியின் வகுத்தல் உங்களை ஏமாற்றும். ஹாங்காங் டாலர் ஓர் அமெரிக்க டாலருக்கு 7.75 முதல் 7.85 வரை மட்டுமே நகர அனுமதிக்கப்படுகிறது. அங்கே அட்-த-மணி மிகச் சிறிய எண். சிறிய எண்ணால் எதை வகுத்தாலும் பூதாகரமாக வரும். அத்தகைய நாணயங்களில் விகிதத்தை விட்டுவிட்டு, எல்லைக்கு வெளியே உள்ள ஸ்ட்ரைக் ஒன்றின் பிரீமியத்தை நேராக டாலரில் தொடருங்கள். கட்டு அவிழ்ந்தால் மட்டுமே அந்த ஆப்ஷனுக்கு மதிப்பு உண்டு. அதனால் அதன் விலையில் வேறு எதுவும் கலந்திருக்காது.